22,909 ரூபாய்க்கு எது சாட்சி?

மதுரையில் சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட் ஒருவர், பசுமைக் கட்டடங்களுக்கான ‘லீட்’ சான்றிதழ்த் தேர்வை 2025-26 நிதியாண்டில் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 250 டாலர். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, மார்ச் முடிந்ததும் அந்த ஸ்டேட்மென்ட்டை ஆடிட்டரிடம் நீட்டுகிறார்.

அது மட்டும் போதாது. பணம் போனதைத்தான் ஸ்டேட்மென்ட் காட்டும். எதற்குப் போனது என்பதை அது சொல்லாது.

அதற்கு முன் ஆடிட்டர் வேறொன்றைக் கேட்பார்: கணக்கு எந்த வழியில் காட்டப்படுகிறது? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டால் எல்லாச் செலவும் மீதிப் பாதிக்குள் அடங்கிவிட்டதாகவே கொள்ளப்படும். தேர்வுக் கட்டணத்தைத் தனியே கழிக்க முடியாது. இவருக்கோ வரவு 30 லட்சம், வரைபடம் போட்டுத் தருபவர்களின் சம்பளம், வாடகை எல்லாம் சேர்ந்து செலவே 18 லட்சம். ஆகவே முழுக் கணக்கு எழுதி, தணிக்கையும் செய்துகொள்கிறார். ரசீதுக்கு வேலை இங்கேதான் வருகிறது.

முதலில் தேவை, தேர்வு நடத்திய அமைப்பு அவர் பெயரில் கொடுத்த இன்வாய்ஸ். அதில் தொகை டாலரில்தான் இருக்கும். டாலருக்கு 88 ரூபாய் என்றால் 22,000. வங்கி அதன்மேல் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 770 ரூபாயும், அந்த 770க்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 139 ரூபாயும் பிடித்திருக்கிறது. ஆக 22,909. கட்டணமும் வரியும் ஸ்டேட்மென்ட்டில் தனித்தனி வரிகளாக வருவதால் பலர் அவற்றைத் தவறவிடுகிறார்கள். இன்வாய்ஸையும் ஸ்டேட்மென்ட்டின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பின் குத்தி வைத்தால் இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் தானே விளங்கும்.

அடுத்து, தொழிலோடு உள்ள தொடர்பு. செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது 37(1) பிரிவு. பசுமைக் கட்டட வேலை கேட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு மின்னஞ்சல் இதற்கு நல்ல சான்று. இதே ஆர்க்கிடெக்ட் சட்டம் படிக்கக் கட்டிய பணம் இந்தக் கணக்கில் ஏறாது. அது வேறு தொழிலுக்கான படிப்பு. தேர்வில் தோற்றிருந்தால்? கட்டணம் செலவானது செலவானதுதான். மதிப்பெண் அறிக்கையை எடுத்து வைத்தால் போதும்.

பயிற்சி வகுப்புக்குக் கட்டிய பணத்தில்தான் கவனம் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், ரசீது கையில் இருந்தாலும் அந்தச் செலவு பொதுவாக ஏற்கப்படாது. தெர்மல் தாளில் அச்சான பில்லோ சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, தேதியும் காரணமும் குறித்து வைக்க வேண்டும். இணையக் கணக்கில் கிடக்கும் இன்வாய்ஸையும் உடனே இறக்கி வைப்பதே நல்லது.

ஆர்க்கிடெக்ட் போன்ற தொழிலினர் கணக்குகளையும் பில்களையும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி 6எஃப். 2025-26க்கான மதிப்பீட்டு ஆண்டு 2027 மார்ச் 31 அன்று முடிகிறது. அந்த லீட் இன்வாய்ஸ் 2033 மார்ச் 31 வரை கோப்பில் இருந்தாக வேண்டும்.