மறைத்த இடம் தெரியட்டும்

"தாங்கள் கோரிய தகவல்களில் வழங்கத்தக்கவை இத்துடன் இணைத்து அனுப்பப்படுகின்றன."

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வரி பழகியிருக்கும். உறைக்குள் பத்துப் பதினைந்து பக்கம் நகல் இருக்கும். ஐந்து கேள்வி கேட்டவர், எந்தப் பக்கம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். மூன்றாவது கேள்விக்கு ஒன்றுமே இருக்காது. அந்த ஆவணம் அலுவலகத்தில் இல்லையா, இருந்தும் தர மறுக்கிறார்களா, நகலெடுக்கும்போது விட்டுப்போயிற்றா? கடிதத்தைப் பத்து முறை படித்தாலும் விடை கிடைக்காது.

எங்கள் தெருவில் இப்படிப்பட்ட பதில்களை என்னிடம் எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. "எதையும் தர முடியாது" என்று வந்த கடிதத்தைவிட, பாதி தந்து பாதியை விட்ட இந்தக் கடிதம்தான் அவர்களை அதிகம் அலைக்கழித்திருக்கிறது. முழு மறுப்பு வந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று தெரியும். இதில் தனக்கு மறுக்கப்பட்டதா என்பதே தெரியாது. 'வழங்கத்தக்கவை' என்ற ஒரு சொல்லுக்குள் மறுப்பு ஒளிந்துகொண்டிருக்கிறது.

இப்படி நடக்கும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அதன் 10-வது பிரிவு முழுவதும் இதைப் பற்றித்தான். ஓர் ஆவணத்தில் வெளியிடக்கூடாத செய்தி கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக ஆவணம் முழுவதையும் பூட்டிவைக்க வேண்டியதில்லை. நியாயமாகப் பிரித்தெடுக்க முடிந்த மீதிப் பகுதியைத் தரலாம் என்கிறது முதல் உட்பிரிவு. அப்படிப் பிரித்துத் தரும்போது மனுதாரருக்கு என்னென்ன சொல்லியாக வேண்டும் என்பதை இரண்டாவது உட்பிரிவு வரிசையாகக் கேட்கிறது. ஆவணத்தின் ஒரு பகுதிதான் தரப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மீதி ஏன் இல்லை, அந்த முடிவுக்கு எந்த உண்மை அடிப்படை, அந்த உண்மை எதிலிருந்து தெரிந்தது என்று எழுத வேண்டும். முடிவெடுத்தவரின் பெயரும் பதவியும் வேண்டும். கட்டணக் கணக்கு வேண்டும். இதை எதிர்த்து யாரிடம், எத்தனை நாளுக்குள், எப்படிப் போகலாம் என்பதும் வேண்டும்.

சட்டத்தின் மொழியில் படித்தால் வறட்சியாக இருக்கும். ஒரு மனுவை வைத்துப் பார்ப்போம். ஊரும் ஆட்களும் நான் கற்பனை செய்துகொண்டவை. கேள்விகள் நம் ஊர்களில் வழக்கமாக எழுபவை.

ஒரு கிராமத்தில் 600 மீட்டர் தார்ச்சாலை போட்ட ஆறாம் மாதமே பெயர்ந்துவிடுகிறது. அங்கே தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு அனுப்புகிறார். அவர் கேட்பவை ஐந்து: சாலைப் பணியின் மதிப்பீடும் அளவுப் புத்தகமும், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த இறுதிப் பட்டியல், இந்தச் சாலையைப் பற்றி ஏற்கெனவே வேறொருவர் கொடுத்த புகார் மனு, சாலை போகும் நிலத்தின் புல வரைபடம், ஆறு மாதத்தில் சாலை ஏன் பெயர்ந்தது என்பதற்கான காரணம்.

பொதுத் தகவல் அலுவலர் கோப்பை எடுக்கிறார். ஐந்தும் ஐந்து விதம். முதல் கேள்விக்கான 22 பக்கங்களில் மறைக்க ஒன்றுமில்லை, அப்படியே தரலாம். இரண்டாவதான பட்டியல் மூன்று பக்கம். அதில் ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. எவ்வளவு பணம், எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் மக்கள் பணத்தின் கணக்கு. வங்கி எண் அப்படியில்லை. அந்த ஒரு வரியை மறைத்துவிட்டு மூன்று பக்கத்தையும் தரலாம்.

மூன்றாவதில்தான் நிதானம் தேவை. புகார் மனு இரண்டு பக்கம். கொடுத்தவரின் பெயர் வெளிவந்தால் அவருக்கு ஆபத்து வரலாம் என்றால், உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரக்கூடிய தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(g) பிரிவைச் சொல்லிப் பெயரை மறைக்கலாம். ஆனால் "ஆபத்து வரலாம்" என்று அலுவலர் சும்மா எழுதிவிட முடியாது. எதை வைத்துச் சொல்கிறார்? "என் பெயர் தெரிந்தால் என்னை அடிக்க ஆள் அனுப்புவார்கள்" என்று புகார்தாரரே மனுவின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரிதான் ஆதாரம். உண்மை அடிப்படையும் அது எதிலிருந்து தெரிந்தது என்பதும் வேண்டும் எனச் சட்டம் கேட்பது இதைத்தான். பெயரையும் முகவரியையும் கையெழுத்தையும் மறைத்தால் போதும். புகாரில் சாலையைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பதை மறைக்கக் காரணம் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். "என் வீட்டு வாசலில் உள்ள பாலத்துக்கு அருகில்" என்று ஒரு வரி இருந்தால், பெயரை மறைத்தும் பயனில்லை. ஊரில் பாலத்துக்கு அருகில் இருப்பது ஒரே வீடு. அந்த வரியும் போக வேண்டும்.

நான்காவது கேள்வியின் வரைபடம் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. இதற்கு "இல்லை" என்று எழுதுவது தவறு. மனுவின் அந்தப் பகுதியை மட்டும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு மனுதாரருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது 6(3). ஐந்தாவது கேள்வி விளக்கம் கேட்கிறது. கோப்பில் இல்லாத காரணத்தைப் புதிதாக யோசித்து எழுதித்தர இந்தச் சட்டம் அலுவலரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யாராவது பொறியாளர் ஆய்வு செய்து அறிக்கை வைத்திருந்தால் அது ஆவணம். ஆகவே நேர்மையான பதில் இப்படி இருக்கும்: "இது குறித்த ஆய்வறிக்கை எதுவும் இந்த அலுவலகக் கோப்பில் இல்லை."

இப்போது கடிதம் தானாகவே அமைந்துவிடுகிறது. கேள்வி 1, முழுமையாக, 22 பக்கம். கேள்வி 2, மூன்று பக்கம், முதல் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண் மட்டும் 8(1)(j)-ன் கீழ் மறைக்கப்பட்டுள்ளது. கேள்வி 3, இரண்டு பக்கம், புகார்தாரரை அடையாளம் காட்டும் நான்கு இடங்கள் 8(1)(g)-ன் கீழ் மறைக்கப்பட்டுள்ளன, காரணம் இன்னது. கேள்வி 4, இன்ன தேதியில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. கேள்வி 5, ஆவணம் இல்லை. மொத்தம் 27 பக்கம். பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 54 ரூபாய் செலுத்தவும். மேல்முறையீடு செய்ய வேண்டிய அலுவலரின் பெயர், முகவரி, 30 நாள் அவகாசம். தையல் கடைக்காரர் இதைப் படித்தால், தனக்கு எது கிடைத்தது, எதற்காகச் சண்டை போடலாம், எதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரே வாசிப்பில் தெரிந்துவிடும். மறுக்கப்பட்டதைக் கண்டு அவருக்குக் கோபம் வரலாம். ஆனால் குழப்பம் வராது.

மறைக்கும் முறையும் முக்கியம். கறுப்பு மார்க்கர் பூசிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் உள்ள எழுத்து பல நேரம் தெரியும். அதனால் மூல ஆவணத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அதில் கறுப்பு அடித்து, அதை மறுபடி நகலெடுத்துத்தான் கொடுக்க வேண்டும். கணினியில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து பிடிஎஃப்பாக அனுப்புவது இன்னும் ஆபத்து. அந்த இடத்தைத் தேர்ந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அடியில் இருந்த பெயர் அப்படியே வந்து விழும். அச்செடுத்து ஸ்கேன் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

வெள்ளை மை பூசி மறைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வெள்ளைத் தாளில் வெள்ளையாக மறைத்தால், அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். கறுப்புக் கட்டம் "இங்கே ஒன்று இருக்கிறது, அது உனக்கில்லை" என்று சொல்கிறது. பக்கத்தில் பிரிவு எண்ணையும் சிறிதாக எழுதிவிட்டால், படிப்பவர் கடிதத்துக்கும் ஆவணத்துக்கும் மாறிமாறிப் போக வேண்டியதில்லை. ஆவணத்தின் பக்க எண்களையும் மாற்றக்கூடாது. 7-க்கு அடுத்து 10 வந்தால் இரண்டு பக்கம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று மனுதாரருக்குத் தெரிய வேண்டும்.

இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2011 ஆகஸ்ட் தீர்ப்பு நல்ல சாட்சி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கு அது. தான் எழுதிய விடைத்தாளைப் பார்க்க அவர் கேட்டார், வாரியம் மறுத்தது. விடைத்தாளும் தகவல்தான், தேர்வு எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்றது நீதிமன்றம். அதே மூச்சில், திருத்தியவர் யார் என்று காட்டும் பெயர், கையெழுத்து, சுருக்கொப்பம் ஆகியவற்றை 10-வது பிரிவின் கீழ் நீக்கவோ மறைக்கவோ வேண்டும் என்றும் சொன்னது. மதிப்பெண் குறைந்த கோபத்தில் யாரும் திருத்தியவரைத் தேடிப் போகக்கூடாது என்பது அதற்குக் காரணம். மாணவருக்குத் தேவையானது முழுக்கக் கிடைத்தது, ஆசிரியருக்குத் தேவையான பாதுகாப்பும் கிடைத்தது.

எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க முடியாது. நான்கு பக்கம் கறுப்பு அடித்து நடுவில் "எனவே", "மேலும்" மட்டும் மிஞ்சினால் அது தகவல் ஆகாது. நேராக மறுப்பு எழுதுவதே மரியாதை. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 8(1)(j) பிரிவை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. பட்டியலில் ஒருவர் பெயர் இருக்கிறது என்பதைச் சொல்லிப் பட்டியல் முழுவதையும் நிறுத்திவைக்க இது வழிகாட்டும். பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்றதையும் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. 10-வது பிரிவும் இருக்கிறது. இரண்டையும் மனுவிலேயே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

மங்கலான பதில் வந்துவிட்டால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அலுவலருடையது, கேட்டவருடையது அல்ல. என்னிடம் வருபவர்களுக்கு நான் எழுதித்தரும் மேல்முறையீட்டில் பெரும்பாலும் மூன்றே வரிதான் இருக்கும்: "எனது மூன்றாவது கேள்விக்கான ஆவணம் தரப்பட்டதா, மறுக்கப்பட்டதா, அலுவலகத்தில் இல்லையா என்பது பதிலில் இல்லை. மறுக்கப்பட்டிருந்தால் பிரிவையும் காரணத்தையும் 10(2)-ன்படி தெரிவிக்கவும். பிரித்துத் தரக்கூடிய பகுதியை மறைத்த இடம் தெரியும்படி வழங்கவும்."