இருபத்தொன்பதரை அங்குல மனிதர்

தண்ணீருக்குள் ஒருவரை மூழ்கடித்து எடை பார்த்தால் அவருடைய உடலின் அடர்த்தி தெரியும்; அடர்த்தி தெரிந்தால் உடலில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று கணக்கிடலாம். ஆனால் எல்லோரையும் தொட்டியில் இறக்க முடியாது. தையற்காரரின் டேப்பை வைத்தே அதைக் கணித்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்காக அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த் ஃபிஷர் 252 ஆண்களின் அளவுகளைத் தந்தார். ரோஜர் ஜான்சன் என்ற பேராசிரியர் 1996இல் எழுதிய கட்டுரை மூலம் அந்த அட்டவணை உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் போனது. வயது, எடை, உயரம், கழுத்து முதல் மணிக்கட்டு வரை பத்துச் சுற்றளவுகள் ஆகியவற்றைக் கொடுத்து, கொழுப்பு எவ்வளவு என்று கணிக்கும் சமன்பாட்டைக் கேட்பதுதான் ரெக்ரஷன். நம் பாடநூல்கள் இதைத் தொடர்புப்போக்கு என்கின்றன.

அட்டவணையின் 42ஆவது வரிசையில் இருப்பவரின் எடை 205 பவுண்டு. உயரம் 29.5 அங்குலம், அதாவது இரண்டரை அடிக்கும் குறைவு. எடையையும் உயரத்தையும் சேர்த்து உடல் நிறைக் குறியீட்டைப் போட்டால் 166 வருகிறது. 30ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்பார்கள். அவருடைய உயரம் 69.5 அங்குலமாக இருந்திருக்க வேண்டும். யாரோ ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். 69.5 என்று திருத்தினால் அதே குறியீடு 30க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது.

252 பேரில் ஒருவர்தானே என்று விட்டுவிட முடியாது. ரெக்ரஷனில் ஒரு மதிப்பு சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலகலின் வர்க்கம்தான் கணக்கில் சேர்கிறது. இந்த அட்டவணையில் உயரத்தின் சராசரி ஏறத்தாழ 70 அங்குலம். இந்த ஒருவரின் விலகல் 40 அங்குலத்துக்கு மேல். அதன் வர்க்கம் சுமார் 1650. எல்லோருடைய விலகல் வர்க்கங்களையும் கூட்டினால் சுமார் 3360 வருகிறது. உயரத்தைப் பற்றி இந்த அட்டவணை சொல்வதில் பாதியை, பிழையாகப் பதிவான ஒரே ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. பதிலைப் பல தசம இடங்கள் வரை அழகாக அச்சடித்துக் கொடுக்கும்.

ஆகவே முதல் சோதனை, ஒவ்வொரு பத்தியின் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளை எழுதிவைத்து, இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று கேட்பது. இதிலும் ஒரு பொறி உண்டு. இதே அட்டவணையின் 39ஆவது வரிசைக்காரர் 363 பவுண்டு எடை. அவரும் தனியாகத் துருத்திக்கொண்டுதான் நிற்கிறார். ஆனால் அவருடைய வயிற்றுச் சுற்றளவு 148 சென்டிமீட்டர், மார்பு 136. எல்லா அளவுகளும் அவருக்குச் சாட்சி சொல்கின்றன. அவர் பெரிய மனிதர், அவ்வளவுதான். அவரை நீக்குவது தவறு. துருத்தி நிற்பதாலேயே ஒரு மதிப்பைத் தூக்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பிழையா, உண்மையா என்று சொல்ல வேண்டியது பக்கத்துப் பத்தி.

பக்கத்துப் பத்தியைக் கேட்காமல் பிடிபடவே பிடிபடாத பிழைகளும் உண்டு. 96ஆவது வரிசையில் அடர்த்தி 1.0991, கொழுப்பு 17.3 சதவீதம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் இருக்கக்கூடிய எண்கள்தான். ஆனால் கொழுப்பு, அடர்த்தியிலிருந்து வருவது: 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழிக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் 0.4 வருகிறது. அடர்த்தியில் முதல் 9க்குப் பதில் 5 போட்டு, 1.0591 என்று வைத்தால் 17.4. ஓர் இலக்கம் தடுமாறிய இடம் தெரிந்துவிட்டது.

அலகுக் குழப்பத்துக்கும் இதே வழிதான். இந்த அட்டவணையில் எடை பவுண்டில், உயரம் அங்குலத்தில், சுற்றளவுகள் சென்டிமீட்டரில். தெரியாமல் படித்தால் பெரும்பாலான ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு உயரத்தை விடப் பெரிதாகத் தெரியும். ஒரு பத்தி முழுவதும் ஒரே அலகில் இருக்கும்வரை ரெக்ரஷனுக்குக் கேடில்லை. கெழுவின் அளவு மட்டும் மாறும். ஒரே பத்திக்குள் இரண்டு அலகுகள் கலப்பதுதான் ஆபத்து. சர்க்கரை அளவை இந்தியாவில் மில்லிகிராமில் எழுதுகிறோம். பிரிட்டனில் மில்லிமோலில் எழுதுவார்கள். இரண்டுக்கும் 18 மடங்கு இடைவெளி என்பதால், வரைபடம் போட்டால் இரண்டு குன்றுகளாகப் பிரிந்து தெரிந்துவிடும். கிலோவும் பவுண்டும் அப்படிப் பிரியாது. 90 என்பது ஒல்லியான பெண்ணின் பவுண்டாகவும் இருக்கலாம், பருத்த ஆணின் கிலோவாகவும் இருக்கலாம். உயரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊர்ப் படிவங்களில் இன்னொன்று அடிக்கடி வரும். 5 அடி 8 அங்குலத்தை 5.8 என்று எழுதுகிறோம். அதைத் தசமமாக எடுத்துக்கொண்டால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கூடிவிடும். 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதினால் எக்செல் கடைசிப் பூஜ்ஜியத்தை விழுங்கி 5.1 ஆக்கிவிடும், ஒன்பது அங்குலம் போய், அவர் 5 அடி 1 அங்குலக்காரர் ஆகிவிடுவார். 5.1 இருக்கக்கூடிய உயரம்தான் என்பதால் எல்லைச் சோதனையில் இது மாட்டாது. பிறகு மீட்கவும் வழியில்லை. படிவத்திலேயே அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட வேண்டும்.

இரட்டை வரிசைகளைக் கண்டுபிடிப்பது எளிது, விளைவு பெரிது. க்ளீவ்லாந்து இதயநோயாளிகள் 303 பேரின் அட்டவணை ஒன்று உண்டு. அதன் ஒரு வடிவம் இணையத்தில் 1025 வரிசைகளோடு சுற்றுகிறது. ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 302. ஒவ்வொரு நோயாளியும் சராசரியாக மூன்று முறைக்கு மேல் எண்ணப்பட்டிருக்கிறார். பிழை வரம்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கி, இல்லாத உறுதியைக் காட்டும். ஒத்திகைக்கு ஒதுக்கிய வரிசைகளும் ஏற்கெனவே பயிற்சியில் பார்த்த வரிசைகளாகவே இருக்கும். நோயாளி எண் இருக்கும் அட்டவணை என்றால், அந்த எண்ணை வைத்தே இரட்டையா என்று தீர்மானிக்க வேண்டும். வயதும் பாலினமும் மட்டும் உள்ள சிறிய அட்டவணையில் இருவர் ஒத்துப்போவது இயல்பு.

கடைசியாக, எண் வேடம் போட்டு வரும் வெற்றிடம். அரிசோனாவின் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் நீரிழிவு அட்டவணையில் 374 பேருக்கு இன்சுலின் 0, 35 பேருக்கு ரத்த அழுத்தம் 0, 11 பேருக்கு உடல் நிறைக் குறியீடு 0. ரத்த அழுத்தம் 0 என்றால் அவர் உயிரோடு இல்லை. அளக்கவில்லை என்பதைத்தான் 0 என்று எழுதியிருக்கிறார்கள். அதே அட்டவணையில் கருவுற்ற எண்ணிக்கை 0 என்பது நிஜமான 0. எனவே அட்டவணை முழுவதும் 0ஐத் தேடி அழிக்கக் கூடாது. பத்தி பத்தியாகத்தான் போக வேண்டும். 99, 999, -1 ஆகியவையும் இதே வேலையைச் செய்யும் எண்கள். ஒரு பத்தியில் ஒரே மதிப்பு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். இன்சுலின் சராசரி 0களோடு சேர்த்து 80. அவற்றை வெற்றிடமாக்கினால் 156.

வெற்றிடமாக்கியதோடு வேலை முடிவதில்லை. ஒரு பத்தியில் வெற்றிடம் இருந்தாலும் பெரும்பாலான ரெக்ரஷன் மென்பொருள்கள் அந்த வரிசையையே கைவிட்டுவிடும். எல்லாப் பத்திகளையும் சேர்த்தால் 768 பெண்களில் 392 பேர்தான் மிஞ்சுவார்கள். இன்சுலினையும் தோல் மடிப்பையும் விட்டுவிட்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் நிறைக் குறியீடு ஆகிய மூன்றும் இருப்பவர்களை எடுத்தால் 724 பேர். பாதிப் பேருக்கு அளக்காத இன்சுலினுக்காக 332 பெண்களை வெளியே அனுப்புவதை விட, இந்த இரண்டாவது வழியையே நான் எடுப்பேன்.