ஆதார் படம் கிளவுடில் ஏறாமல் தடுப்பது எப்படி?

சேலத்தில் ஒரு குடும்பம் வாடகை வீடு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் எழுத வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்கிறார். ஜெராக்ஸ் கடைக்குப் போக நேரமில்லை. அட்டையை மேசையில் வைத்து முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்து, இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. அட்வான்ஸ் பணம் போனதும் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையும் அனுப்புகிறார்கள்.

அன்று இரவு வீட்டு வைஃபையில் போன் சேர்ந்ததும், கூகுள் போட்டோஸ் செயலி யாரையும் கேட்காமல் ஆதார் படங்களைக் கிளவுடில் ஏற்றிவிடுகிறது. கேட்கவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. போன் வாங்கிய நாளில் 'பேக்கப் வேண்டுமா' என்று கேட்டபோது, குழந்தையின் படங்கள் தொலையக்கூடாது என்று நினைத்து 'சரி' என்று அழுத்தியிருப்பார்கள். அந்த ஒப்புதல் பிறந்தநாள் படத்துக்கும் ஆதாருக்கும் ஒன்றுதான்.

ஏறினால் என்ன ஆகும்? கிளவுடில் உள்ள படத்தைப் பார்க்க உங்கள் போன் தேவையில்லை. கூகுள் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் போதும். 2014-இல் ஹாலிவுட் நடிகைகளின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கசிந்தன. அதையொட்டிய விசாரணையில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒருவர் சிக்கினார். ஆப்பிள், கூகுள் நிறுவனங்களிலிருந்து வருவதுபோல் போலி மின்னஞ்சல் அனுப்பி, கடவுச்சொற்களைக் கறந்து, 50 ஐகிளவுட் கணக்குகளிலும் 72 ஜிமெயில் கணக்குகளிலும் அவர் நுழைந்திருந்தார். 2016-இல் 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் எந்தப் போனையும் திருடவில்லை.

கணக்குக்குள் நுழைந்தவர் பல்லாயிரம் படங்களைப் புரட்டிப் பார்க்கவேண்டியதும் இல்லை. கூகுள் போட்டோஸ் படத்திலுள்ள எழுத்துகளைப் படித்துவைத்துக்கொள்கிறது. தேடும் இடத்தில் Aadhaar என்று தட்டினால் அட்டைகள் வந்து நிற்கும். வங்கியின் பெயரைத் தட்டினால் குறுஞ்செய்திப் படங்கள் வரும். உரியவருக்கு வசதியான அதே தேடல் திருடருக்கும் வசதிதான்.

ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடுமே, பழைய ஸ்கிரீன்ஷாட்டால் என்ன கெடுதல் என்று தோன்றலாம். ஓடிபி செத்துவிடும், மற்றவை சாவதில்லை. கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள், எந்த நாளில் எவ்வளவு போனது, மீதி எவ்வளவு, 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பவர் இவற்றைச் சரியாகச் சொன்னால், கேட்பவர் நம்பாமல் இருப்பது கடினம். ஆதார் அட்டையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப் கோப்புக்கான கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். இரண்டும் அட்டையின் முகப்பிலேயே அச்சாகியிருக்கின்றன. அட்டைப் படமும் பிடிஎஃப் கோப்பும் ஒரே கணக்கில் கிடந்தால், பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் கிடப்பதாகத்தான் பொருள்.

தடுப்பதற்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸ் படங்களை ஃபோல்டர் வாரியாகத்தான் பார்க்கிறது என்பது. இது ஆதார், இது பூ என்று அது பிரித்துப்பார்த்து ஏற்றுவதில்லை. கேமராவில் எடுத்தவை ஒரு ஃபோல்டரில், ஸ்கிரீன்ஷாட்கள் ஒரு ஃபோல்டரில், வாட்ஸ்அப்பில் வந்தவை வேறொரு ஃபோல்டரில் இருக்கின்றன. எந்த ஃபோல்டர் ஏறலாம், எது ஏறக்கூடாது என்று சொல்ல முடியும். ஆனால் கேமரா ஃபோல்டர் மட்டும் விதிவிலக்கு. பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது ஏறியே தீரும். அதைத் தனியாக நிறுத்த வழியில்லை. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு வைத்தியம், அட்டைப் படத்துக்கு வேறு வைத்தியம்.

ஸ்கிரீன்ஷாட் எளிது. கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, Photos settings, அதில் Backup, அதற்குள் Back up device folders என்று போகவேண்டும். போனிலுள்ள ஃபோல்டர்களின் பட்டியல் வரும். Screenshots எதிரே உள்ள பொத்தானை அணைத்துவிடுங்கள். WhatsApp Images எதிரே உள்ளதையும் பாருங்கள். சேலம் வீட்டுக்காரரின் போனில் அந்தப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தால், குடித்தனக்காரரின் ஆதார் வீட்டுக்காரரின் கிளவுடிலும் ஏறியிருக்கும். மற்றவர்களின் அட்டைகளை வாட்ஸ்அப்பில் வாங்கும் வீட்டுத் தரகர், டிராவல்ஸ்காரர், பள்ளி அலுவலகப் பணியாளர் ஆகியோர் முதலில் அணைக்கவேண்டிய பொத்தான் இதுதான்.

இந்த ஃபோல்டர்கள் பெரும்பாலும் தாமாக எரிவதில்லை. போட்டோஸ் செயலிக்குள் ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரைத் திறந்தால், அதன் மேலேயே பேக்கப் பொத்தான் ஒன்று தெரியும். விரல் பட்டு அது எரிந்துவிட்டால், அன்றுமுதல் எல்லா ஸ்கிரீன்ஷாட்டும் ஏறத் தொடங்கும்.

இனி அட்டைப் படம். கேமரா ஃபோல்டரை நிறுத்த முடியாது என்பதால், அட்டைப் படம் அந்த ஃபோல்டரில் தங்கக்கூடாது. வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதாவது ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, படம் எடுக்கவேண்டும். பிறகு கூகுள் போட்டோஸில் அந்தப் படத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Move to Locked Folder என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இந்தப் பூட்டிய ஃபோல்டரை முதல்முறை அமைக்கும்போது அதற்கும் பேக்கப் வேண்டுமா என்று செயலி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், படம் அந்தப் போனைவிட்டு வெளியே போகாது. கைரேகையோ போனின் பூட்டு எண்ணோ கொடுத்தால்தான் திறக்கும். கேலரியிலும் தேடலிலும் தலைகாட்டாது. படம் உள்ளே போன பிறகு இணைப்பைத் திரும்பப் போடலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டிய படமாக இருந்தால் வரிசை சற்று மாறும். பூட்டிய ஃபோல்டரிலிருந்து நேரே யாருக்கும் பகிர முடியாது. அதனால் கூகுள் போட்டோஸின் பேக்கப்பைச் சற்று நேரம் அணைத்துவிட்டு, படத்தை எடுத்து, அனுப்பி, பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்தி, அதன்பின் பேக்கப்பை மீண்டும் போடவேண்டும். வாட்ஸ்அப்பே தினமும் உரையாடல்களைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்கும் ஏற்பாட்டையும் மறக்கக்கூடாது. அந்தச் சேமிப்பை மறையாக்கம் செய்யும் வசதி 2021 முதல் உண்டு. ஆனால் நாமாகப் போய்ப் போட்டால்தான் அது வேலை செய்யும். வாட்ஸ்அப் அமைப்புகளில் Chats, அதில் Chat backup, அதற்குள் End-to-end encrypted backup என்று இருக்கும்.

பல நேரங்களில் அட்டையைப் படம் எடுக்கவே தேவையில்லை. ஆதார் ஆணையத்தின் தளத்தில் மறைத்த ஆதாரை இறக்கலாம். 12 இலக்கங்களில் கடைசி நான்குதான் அதில் தெரியும். வாடகை வீட்டுக்கும் தங்கும் விடுதிக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். ஓட்டுநர் உரிமமும் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் டிஜிலாக்கரில் இருந்தால், சோதனையில் அதையே காட்டலாம். அசலுக்கு இணையாக அதைக் கொள்ளவேண்டும் என்று மத்திய அரசு 2018-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. கேலரியில் ஒரு நகல் குறைந்தால், தடுக்கவேண்டியதும் ஒன்று குறையும்.

ஐபோனில் இந்த ஃபோல்டர் வித்தை எடுபடாது. ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தால் கேலரி முழுவதும் ஏறும். மறைத்த ஆல்பமும் அதில் அடக்கம். அங்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் மூலையில் தோன்றும் சிறுபடத்தைத் தொட்டு, Done அழுத்தி, Save to Files என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். சேமிக்கும் இடம் கேட்கும்போது iCloud Drive என்பதை விட்டுவிட்டு On My iPhone என்பதைத் தொட்டால், படம் கேலரிக்கே போகாது. சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் அதன் சொந்த கேலரி செயலியின் அமைப்புகளையும் பார்க்கவேண்டும். ஒன்டிரைவுடன் இணைக்கும் பொத்தான் அங்கே எரிந்தால், கூகுளில் அடைத்த வாசலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் திறந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் பழையவை அங்கேயே இருக்கும். பொத்தானை அணைப்பது இனிமேல் ஏறுவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே ஏறியதை இறக்காது. போனின் கேலரியில் படத்தை அழித்தாலும் கிளவுடில் உள்ள நகல் இருக்கக்கூடும். எனவே கணினியிலோ போனின் பிரவுசரிலோ photos.google.com போய்ப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அங்கே தெரிவதெல்லாம் கிளவுடில் இருப்பவை. Aadhaar, PAN, OTP, உங்கள் வங்கியின் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

வேண்டாதவற்றை அங்கேயே அழிக்கலாம். ஆனால் பேக்கப் ஓடும் போனிலிருந்தும் அந்தப் படம் சேர்ந்தே போய்விடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். போனில் மட்டும் இருந்தால் போதும் என்றால், அழிக்காமல் முன்பு சொன்ன பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்தவேண்டும். அதற்குப் பேக்கப் இல்லாதவரை, நகர்த்தியதும் கிளவுட் நகல் நீங்கிவிடும். அழித்தவை உடனே மறைவதில்லை. கிளவுடில் ஏறியிருந்த படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். கணக்கில் நுழைபவர் அங்கிருந்தும் அதை எடுக்கலாம். ஆகவே தொட்டியையும் காலிசெய்யவேண்டும்.

தடுப்பு வேலை செய்கிறதா என்று சோதிப்பதும் சுலபம். நாள்காட்டிப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனை வைஃபையில் விட்டு மறுநாள் காலை அதே தளத்தைத் திறந்து பாருங்கள். நாள்காட்டி அங்கே இருந்தால், ஏதோ ஒரு ஃபோல்டரின் பொத்தான் இன்னும் எரிகிறது என்று அர்த்தம்.

போன் மாற்றும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். ஃபோல்டர் தேர்வு ஒவ்வொரு போனுக்கும் தனி. புதிய போனில் அந்தப் பட்டியலை மறுபடி திறந்து பார்க்கவேண்டும். பேக்கப் இல்லாத பூட்டிய ஃபோல்டரோ பழைய போனோடு கட்டுண்டது. போட்டோஸ் செயலியின் தரவை அழித்தாலும், போனை ரீசெட் செய்தாலும், உள்ளே இருந்தவை திரும்பக் கிடைக்காது. ஆதாரையும் உரிமத்தையும் அரசுத் தளங்களிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம்போல் வேறெங்கும் நகல் இல்லாதவற்றை மட்டும், ரீசெட் பொத்தானைத் தொடும் முன் வெளியே எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுவைக்கவேண்டும்.