பணம் போய்விட்டதா, போகவில்லையா?

வெள்ளிக்கிழமை மாலை. சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு பஸ் தேடுகிறீர்கள். செயலியில் தேதியைக் கொடுத்துத் தேடச் சொன்னதும் திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் தோன்றுகின்றன. நீளமாக ஒன்று, அதன் கீழே குட்டையாக ஒன்று, வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். சற்று நேரத்தில் அதே இடங்களில் பஸ்ஸின் பெயரும் புறப்படும் நேரமும் கட்டணமும் வந்து உட்காருகின்றன.

இந்தப் பட்டைகளுக்கு மென்பொருள்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்கெலிட்டன். 2013-ல் லூக் ரோப்லெவ்ஸ்கி என்ற வடிவமைப்பாளர் இதைப் பற்றி எழுதினார். அவருடைய குழு உருவாக்கிய போலார் என்ற செயலியில் சுழலும் வட்டங்களைச் சேர்த்ததும், செயலி மெதுவாகிவிட்டது என்று பயனர்கள் குறைப்பட்டுக்கொண்டார்களாம். வட்டத்தைப் பார்த்தால் காத்திருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. பட்டைகளைப் பார்த்தால் வரப்போகிற விஷயத்தின் மேல் கண் போகிறது. ஆனால் பட்டையின் அளவும் பின்னால் வரும் எழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் திடீரென்று கீழே குதிக்கும். நீங்கள் ஒரு பஸ்ஸைத் தொட, வேறொரு பஸ் திறந்துகொள்ளும்.

பதிலே வராவிட்டால்? பிரவுசரில் தகவல் கேட்கும் `fetch` என்ற கட்டளைக்குச் சொந்தமாக ஒரு குறுகிய கெடு கிடையாது. பத்து நொடிக்கு மேல் காத்திருக்காதே என்று நிரலர்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாத செயலிகளில்தான் சாம்பல் பட்டைகள் நிமிடக்கணக்கில் மின்னிக்கொண்டே இருக்கின்றன.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. சர்வர் திணறும்போது 500, 503 போன்ற எண்களைத் திருப்பி அனுப்பும். `fetch`-ஐப் பொறுத்தவரை அதுவும் ஒரு பதில்தான். தோல்வி என்று அது அலறாது. நிரலர் அந்த எண்ணைச் சோதிக்காமல் விட்டால், செயலி பட்டியலைத் தேடும், ஒன்றும் இருக்காது. உடனே 'இந்தத் தேதியில் பஸ்கள் இல்லை' என்று கூசாமல் அறிவிக்கும். நாற்பது பஸ் ஓடுகிற வழித்தடமாக இருக்கலாம். பயணி அதை நம்பி ஊருக்குப் போகும் திட்டத்தையே கைவிடுவார். பட்டியல் காலி என்பது வேறு, பட்டியல் கிடைக்கவில்லை என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே திரையைக் காட்டுவது பொய் சொல்வதுதான்.

நல்ல செயலி அங்கே, 'பஸ் விவரங்களை இப்போது எடுக்க முடியவில்லை. நீங்கள் கொடுத்த தேதியும் ஊரும் அப்படியே இருக்கின்றன' என்று சொல்லி, 'மீண்டும் முயல்க' என்று ஒரு பட்டனை வைக்கும். 'அச்சச்சோ!' என்று தொடங்கும் கேலிச்சித்திரங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவசரத்தில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். பட்டனைத் தொடும் முன்பே செயலி தானாகவும் ஓரிரு முறை முயலலாம், ஆனால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே: ஒரு நொடி, இரண்டு, நான்கு. ஒவ்வொரு போனிலும் அந்த இடைவெளி கொஞ்சம் மாறுபடவும் வேண்டும். பொங்கல் முன்பதிவு நாளில் எல்லாப் போன்களும் ஒரே நொடியில் மறுபடி கேட்டால், அப்போதுதான் எழுந்திருக்கும் சர்வர் திரும்பவும் படுத்துவிடும்.

பட்டியலை எத்தனை முறை கேட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பணம் கட்டும் திரையில் கதையே வேறு. 900 ரூபாய் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள். பத்து நொடியில் பதில் வரவில்லை. உங்கள் கோரிக்கை சர்வரைச் சேராமல் இருந்திருக்கலாம். சேர்ந்து, பணம் எடுக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். போனால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே 'பணம் செலுத்துதல் தோல்வி' என்று அது சொல்லக்கூடாது. 'பணம் போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை, சரிபார்க்கிறோம்' என்பதுதான் உண்மை. பட்டனிலும் 'நிலையைப் பார்க்க' என்றுதான் இருக்க வேண்டும்.

அதையும் மீறி ஒருவர் மறுபடி பணம் கட்ட முயன்றால்? அதற்கு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி எண்ணைச் செயலி உருவாக்கி, `Idempotency-Key` என்ற தலைப்பில் கோரிக்கையோடு அனுப்பும். அதே எண் இரண்டாம் முறை வந்தால், சர்வர் மறுபடி பணம் எடுக்காமல் முதல் முறை கிடைத்த பதிலையே திருப்பித் தரும். பலர் சறுக்குவது இந்த எண்ணை எப்போது உருவாக்குவது என்பதில்தான். பட்டனைத் தொடும்போதெல்லாம் புதிய எண் பிறந்தால் ஒவ்வொன்றும் புதிய பரிவர்த்தனையாகிவிடும்; 1,800 ரூபாய் போய்விடும். பணம் கட்டும் திரை திறக்கும்போதே ஒருமுறை உருவாக்கி, போனிலேயே சேமித்தும் வைக்க வேண்டும். பதற்றத்தில் செயலியை மூடித் திறப்பவர்கள்தானே அதிகம்!