ஒருவரின் உரிமை யாருடைய கடமை?

"உரிமையும் கடமையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்." குடிமையியல் தேர்வுத்தாளில் இந்த வாக்கியத்தை எழுதாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. நானும் அதை வருடந்தோறும் கரும்பலகையில் எழுதி வந்தேன். ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டாள்:

"டீச்சர், எங்க வீட்டுல தம்பி பிறந்து ஆறு மாசம் ஆகுது. அவனுக்குப் பால் குடிக்க உரிமை உண்டுதானே? அப்படின்னா அவனோட கடமை என்ன?"

வகுப்பு சிரித்தது. எனக்கோ உடனே பதில் வரவில்லை. நாணயத்தின் ஒரு பக்கம் குழந்தையின் கையில் இருக்கிறது என்றால், மறு பக்கமும் அதே கையில்தானே இருக்க வேண்டும்? ஆனால் தொட்டிலில் கிடக்கும் அந்தப் பாலகனுக்கு எந்தக் கடமையைச் சொல்வது?

வீட்டிற்குப் போய் யோசித்தபோதுதான் பிழை எங்கே என்று புரிந்தது. உரிமை உடையவருக்கே கடமையும் உண்டு என்று நாம் அந்த வாக்கியத்தைப் படித்துவிடுகிறோம். அதுவும் ஓரளவு உண்மையே. கல்வி பெறும் உரிமை உடையவள் கருத்தூன்றிப் படிக்கவும் வேண்டும். ஆனால் அதைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லும்போதே, வேறு யாரோ ஒருவருக்குக் கடமை இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறோம். குழந்தைக்குப் பால் பெறும் உரிமை உண்டு என்றால், அதைக் கொடுக்கும் கடமை அதன் பெற்றோருக்கு உண்டு. நாணயத்தின் இரு பக்கங்கள் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் இருக்கின்றன! 1963-ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் உலக அமைதியைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இவ்விரண்டையும் தனித்தனியே கூறுகிறார். தன் உரிமையோடு ஒருவருக்கு வரும் கடமை ஒன்று. அந்த உரிமையை மதித்து நடக்க வேண்டிய பிறருடைய கடமை மற்றொன்று.

ஓர் எளிய உதாரணம். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் நிற்கும் தோழிக்கு நீ இருபது ரூபாய் கடன் தருகிறாய். அந்த இருபது ரூபாயைத் திரும்பப் பெறும் உரிமை உனக்கு உண்டு. கடமை யாருக்கு? அவள் ஒருத்திக்கு மட்டுமே. அவள் தராவிட்டால் அவள் அக்காவிடம் போய் அதட்டிக் கேட்க முடியாது. ஆனால் உன் புத்தகப் பையை யாரும் அனுமதியின்றித் திறக்கக் கூடாது என்ற உரிமை அப்படிப்பட்டதன்று. அந்தக் கடமை வகுப்பிலுள்ள நாற்பது பேருக்கும், வழியே போகிற முன்பின் அறியாதவருக்கும் உண்டு. அதை நிறைவேற்ற அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பையைத் தொடாமல் இருந்தால் போதும்.

உரிமை என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். "முதல் பரிசு வாங்க எனக்கு உரிமை இல்லையா?" என்று ஒருத்தி கேட்டால், அவளுக்கு இருப்பது போட்டியிடும் சுதந்திரமே. அவளை முந்தவிட வேண்டும் என்ற கடமை பக்கத்தில் ஓடுபவளுக்குக் கிடையாது. காலை இடறி விழச் செய்யக் கூடாது என்ற கடமை மட்டுமே உண்டு. 1913-இல் ஹோஃபெல்டு என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இந்த வேறுபாட்டைத்தான் தெளிவுபடுத்தினார். பிறர்மீது கடமையைச் சுமத்துவதே கண்டிப்பான பொருளில் உரிமை. மற்றவை சுதந்திரம் முதலிய வேறு பெயர்களுக்கு உரியவை என்றார். ஆகவே யாராவது "இது என் உரிமை" என்றால், "யார் எதைச் செய்யத் தவறினால் அது மீறப்படும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் அது உரிமையாக இராமல், வெறும் ஆசையாகவோ சுதந்திரமாகவோ இருக்கக் கூடும்.

இதையெல்லாம் மறுநாள் வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்டவள் திருப்தியோடு தலையாட்டினாள். அடுத்த பருவத்தில் அவள் மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை.

விசாரித்தோம். மகப்பேறு விடுப்பு முடிந்து தாய் தையல் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டார். தந்தைக்கு லாரி ஓட்டும் தொழில். அந்தத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. "பெரியவதானே, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கட்டும்" என்றார்கள்.

இங்கே இரண்டு உரிமைகள் இருக்கின்றன. பராமரிக்கப்படும் உரிமை குழந்தைக்கு. படிக்கும் உரிமை பதின்மூன்று வயது அக்காளுக்கு. இரண்டும் மோதுவதுபோல் தோன்றுகிறது அல்லவா? யார் கடமை என்று கேட்டுப் பார்த்தால் அந்த மோதல் மறைந்துவிடுகிறது. குழந்தையின் உரிமை சுட்டும் கடமை தாய் தந்தையருக்கு உரியது. அவர்கள் அதைத் தூக்கி, அந்தக் கடனை வாங்காத மகளின் தோளில் வைத்துவிட்டார்கள். அவளுடைய கல்வி உரிமைக்கும் முதல் கடமை அவர்களுடையதே. 2002-ஆம் ஆண்டு நம் அரசியலமைப்பில் செய்யப்பட்ட எண்பத்தாறாம் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் கடமை என்றும் சேர்த்தது. அரசுக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமைகளை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்தது. ஆசிரியை தவறாமல், நேரத்தோடு பள்ளிக்கு வருவதும் அவற்றுள் ஒன்று. (இதை எழுதும்போது எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது.) பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. தண்டனை இல்லை என்பதால் கடமை இல்லை என்று ஆகிவிடாது. பேசித்தான் இணங்க வைக்க வேண்டும்.

பேசினோம். தாய் அழுதார். "வேலைய விட்டா வாடகை யார் குடுப்பா?" என்றார். அவர் கேட்டதும் நியாயமே. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு உண்டு. அவர் கம்பெனியில் எத்தனை பேர் என்று ஆவலோடு கேட்டோம். முப்பத்திரண்டு பேராம். ஆகவே முதலாளிக்குச் சட்டப்படி அக்கடமை இல்லை. அங்கன்வாடியோ அவ்வளவு சிறிய கைக்குழந்தையை நாள் முழுதும் வைத்துக்கொள்ளும் இடமன்று. பாரம் மறுபடியும் பெற்றோரிடமே வந்து சேர்ந்தது. ஆனால் இம்முறை அது மகளுடையது என்று அவர்கள் சொல்லவில்லை. தந்தை தம் தாய்க்குத் தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாடம் முடிந்ததும் மெல்ல வந்து, "டீச்சர், ஊர்லேருந்து ஆயா வந்திருக்காங்க. தம்பியைப் பார்த்துக்கறது அவங்களுக்குக் கடமையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். வரமாட்டேன் என்று அந்த மூதாட்டி சொல்லியிருந்தால் யாருடைய உரிமையும் மீறப்பட்டிருக்காது. ஊரிலிருந்த இரண்டு ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரு துணி மூட்டையோடு அவர் இரவு பஸ்ஸில் வந்து இறங்கினாராம்.