முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பளி

வீடு மாறிய வாரம் அது. பத்துக்குப் பத்து அறை, டைல்ஸ் தரை, புதுப் பெயின்ட் அடித்த சுவர். மேஜை, நாற்காலி தவிர உள்ளே வேறொன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்து ஒரு சிறுகதையை வாசித்துப் பதிவு செய்து தம்பி மகளுக்கு அனுப்பினேன். "பெரியப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். தட்டிய ஓசை உடனே அடங்காமல் "ட்ர்ர்ர்" என்று நடுங்கியது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓசை பந்துபோல் போய்ப் போய் வருகிறது என்று அர்த்தம். நேரில் பேசும்போது நம் இரண்டு காதுகளும் திசை பிரித்துக் கேட்டு, இந்த முழக்கத்தை ஓரளவு ஒதுக்கிவிடுகின்றன. மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

இந்தத் தொல்லையை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன். 1895-இல், அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது புரியவில்லை என்று புகார். காலி அரங்கில் ஓசை அடங்க ஐந்தரை விநாடி பிடித்தது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து அதன்மேல் ஏறின. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தைக் கணக்கெடுத்தார் சபைன். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. நம் வீட்டுத் தலையணைக்கும் அதே வேலைதான்: பஞ்சின் இடுக்குகளில் நுழையும் காற்றதிர்வு உராய்ந்து உராய்ந்து வெப்பமாகி ஓய்ந்துவிடுகிறது.

ஆனால் கம்பளியைத் தேடும் முன் செய்யவேண்டியது மைக்கை நகர்த்துவது. நான் அதை இரண்டடி தள்ளி வைத்திருந்தேன். அரையடிக்குக் கொண்டுவந்தால் தூரம் கால்பங்காகிறது. நேராக வரும் குரலின் சக்தி 16 மடங்காகிறது. அறை முழுக்கச் சுற்றும் முழக்கமோ அப்படியே இருக்கிறது. குரல் பெருத்த அளவுக்கு ரெக்கார்டிங் அளவைக் குறைத்தால், முழக்கமும் சேர்ந்து அடங்கிவிடும். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரித்த ஒரு சாண் நல்ல அளவு. அதைவிட நெருங்கினால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதிப் படபடக்கும். ஒருபக்கம் மட்டும் கேட்கும் மைக்கில் குரலும் தேவைக்கு மேல் கனத்துவிடும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கமாகச் சற்றுத் தள்ளி, வாயை நோக்கித் திருப்பி வைத்தால் காற்று விலகிப் போகும்.

அடுத்தது கம்பளி. பலரும் மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் மூடுகிறார்கள். நானும் அப்படியே செய்தேன், பெரிய மாற்றமில்லை. ஒருபக்கம் கேட்கும் மைக் தன் முதுகுப்பக்கத்தை ஏறக்குறைய கேட்பதே இல்லை. அது பார்ப்பது நம்மையும் நமக்குப் பின்னால் உள்ள சுவரையும். எனவே கொடி கட்டி, இரண்டு கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக என் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். சுவரோடு ஒட்டாமல் அரையடி இடைவெளி விட்டேன். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவது குறைவு. சற்றுத் தள்ளித் தொங்கும் துணிதான் கனத்த ஓசையையும் கொஞ்சம் பிடிக்கும். மெல்லிய பெட்ஷீட்டால் பயனில்லை. ஓசை ஊடுருவிப் போய்விடும்.

பக்கத்துச் சுவருக்கு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தேன். தரையில் ஜமக்காளம், மேஜைமேல் மடித்த துண்டு. பக்கத்தில் இருப்பதாலேயே மேஜைப் பலகை குரலை உடனே மைக்குக்குத் திருப்பி அனுப்பும். பலரும் மறப்பது அதைத்தான். மூலைகளில் தலையணைகளை அடுக்கினேன்.

மறுபடி கைதட்டியபோது நடுக்கம் போயிருந்தது. நம்பகமான சோதனை வேறொன்று: "பட்" என்று சொல்லி நிறுத்தி, அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்க வேண்டும். சொல்லுக்குப் பின் வால் நீண்டால் இன்னும் வேலை இருக்கிறது. போனில் பதிவு செய்பவர்கள், அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை முடிந்தால் அணைத்துவிட வேண்டும். நாம் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது அந்த வாலைத்தான் உயர்த்திக் காட்டும்.

கம்பளியால் ஆகாததும் உண்டு. ஆண்குரலின் அடித்தொனி சின்ன அறையில் 'கும்' என்று ஒலித்தால், போர்வை அதைத் தொடாது. நாற்காலியை ஓரடி நகர்த்திப் பார்ப்பதே வழி. தெரு ஆட்டோவின் சத்தத்தையும் அது தடுக்காது. ஃபேனை நிறுத்தியே ஆகவேண்டும். இரண்டு கம்பளிக்கு முன்னால் வேர்க்க விறுவிறுக்க அதே கதையை மறுபடி வாசித்து அனுப்பினேன். "பெரியப்பா, இப்ப பக்கத்துல உட்கார்ந்து சொல்ற மாதிரி இருக்கு. ஆனா கடைசிப் பக்கத்தை ஏன் இவ்வளவு அவசரமா முடிச்சீங்க?" என்று கேட்டாள்.