வெந்நீர்க் குழாய்க்கு எது ஏற்றது?

கடைக்கு மேல் மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விடும் நம் உறுப்பினர்கள் குழாய் வாங்கும்போது விலையைத்தான் கேட்கிறார்கள். சூட்டில் எவ்வளவு நீளும் என்றும் கேட்க வேண்டும்.

மொட்டை மாடி சோலார் ஹீட்டரிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கும் குழாயைப் பாருங்கள். 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் செம்பு 5 மில்லிமீட்டர் நீளும்; சி.பி.வி.சி. ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், பி.பி.ஆர். எனும் பாலிபுரொப்பிலீனோ நாலரை சென்டிமீட்டர். ஆறியதும் சுருங்கும். கிளாம்பை இறுக்கிவிட்டால் குழாய் வில்லாக வளையும். அதைக் கண்டதும் சரிசெய்யாவிட்டால் எல்போவில் கசியும். பிளாஸ்டிக் குழாய் இரண்டிலும் கிளாம்பைத் தளர்வாகப் போட்டு, நடுவே ஒரு வளைவு விடச் சொல்லுங்கள். குளிர்ந்த நீருக்கு இந்தக் கவலை இல்லை; மூன்றில் எதுவும் ஆகும்.

செம்பு விலை அதிகம். பி.பி.ஆர். மூட்ட 260 டிகிரி சூடாக்கும் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஆகவே வெந்நீருக்கு நாம் சொல்வது சி.பி.வி.சி. நாட்கணக்கில் திறக்காத சோலார் தொட்டியில் நீர் 80 டிகிரியைத் தாண்டும். அங்கே முதல் சில அடி மட்டும் செம்பு போடலாம்.

பசையில் ஏமாறாதீர்கள். சாதா பி.வி.சி. பசை தடவிய மூட்டு வெந்நீருக்குத் தாங்காது. பல கடைகளில் இரண்டு டப்பாவும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன!